"வேண்டும்" என்று முடிகிற வாக்கியங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் அய்யாவுக்கும் நம் பொருளியல் டீச்சருக்கும் நன்றி. பதினொன்றாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, பத்து நிமிஷம்தான், அதுக்குள்ள முடிச்சுடுவேன்.

போன வாரம் நம்ம மன்றத்தில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து பற்றி விவாதம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பக்கம் "பெண்கள் வேலைக்குப் போவது கூடியிருக்கிறது" என்றார்கள். மறுபக்கம் "வரிப்பணத்தை இப்படிச் செலவழிக்கக் கூடாது" என்றார்கள். முக்கால் மணி நேரம் கத்தினோம். ஆனால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலே இல்லை, ரெண்டுமே ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம், ரெண்டுமே தப்பாகவும் இருக்கலாம் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

முதல் வாக்கியம் இயல்புரைக் கூற்று. உலகம் எப்படி இருக்கிறது, இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று சொல்வது. இரண்டாவது நெறியுரைக் கூற்று. எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது. பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடும், நாமும் ரெண்டு மார்க் வாங்கிவிட்டுப் போய்விடுவோம்.

ஆனால் பலரும் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது. இயல்புரை என்றால் உண்மை என்று அர்த்தமில்லை. "2021 மே மாதம் இந்தத் திட்டம் வந்த பிறகு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண் பயணிகள் குறைந்துவிட்டார்கள்" என்று நான் சொன்னால் அது அப்பட்டமான தப்பு, ஆனாலும் இயல்புரைக் கூற்றுதான், ஏனென்றால் கணக்கைப் பார்த்து என்னை மடக்க முடியும். சோதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதே மாதிரி, எண் இருப்பதாலேயே ஒரு வாக்கியம் இயல்புரை ஆகிவிடாது. "குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 600 ரூபாயாவது இருக்க வேண்டும்" என்பதில் எண் இருக்கிறது, ஆனால் அது நெறியுரை.

கூலி என்றதும் ஒரு நல்ல கதை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலம் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இரண்டு பக்கமும் இருந்த துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டு, வேலைவாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்று அதுவரை பொருளியலாளர்களில் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள், அதனால் பெரிய சண்டை. வேறு இருவர் சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டு எதிர் முடிவுக்கு வந்தார்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. சண்டை இன்னும் ஓயவில்லை, ஆனால் பாருங்கள், அது தரவை வைத்து நடக்கிற சண்டை. உன் கணக்கில் ஓட்டை எங்கே என்று காட்டலாம்.

சரி, வேலை குறையாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கூலியை உயர்த்த வேண்டுமா? அது இன்னும் முடிவாகவில்லை! கடைக்காரரின் லாபம் குறையலாம், பொருளின் விலை ஏறலாம், தொழிலாளியின் வீட்டில் கொஞ்சம் நிம்மதி வரலாம். இதில் யாருடைய நன்மை பெரிது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. "இருக்கிறது" என்பதிலிருந்து "வேண்டும்" என்பதற்கு நேராகத் தாவ முடியாது என்பதை டேவிட் ஹியூம் என்ற தத்துவவாதி 1740-லேயே சுட்டிக்காட்டிவிட்டார். நடுவில் ஒரு மதிப்பீட்டை நாம்தான் வைக்கிறோம், பெரும்பாலும் சொல்லாமலே வைக்கிறோம்.

சொல்லாமல் வைப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். "இந்த வீண்செலவால் பற்றாக்குறை கூடியது" என்று ஒரு தலையங்கம் எழுதினால், பற்றாக்குறை கூடியதா என்பதைப் பட்ஜெட்டில் பார்க்கலாம், ஆனால் "வீண்" என்ற தீர்ப்பு இடையில் நைசாக உள்ளே வந்துவிட்டது. "ஏழைகளுக்கான புரட்சிகரத் திட்டம்" என்கிற எதிர்த்தரப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி பிடியுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ நெறியுரை எல்லாம் சும்மா கருத்து, விட்டுவிடலாம்" என்று யாராவது கிளம்பினால் அதுவும் தப்பு. மதிய உணவு போடலாமா, யாருக்கு வரி போடலாம் என்று எல்லாமே கடைசியில் நெறியுரைக் கேள்விதான். எதை அளப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே நம் விருப்பம் கலந்திருக்கிறது: பேருந்துத் திட்டத்தில் அரசின் செலவை மட்டும் அளக்கிறவரும், பெண்கள் கையில் மிஞ்சிய காசை மட்டும் அளக்கிறவரும் ஆளுக்கொரு பொய்யில்லாத அறிக்கை எழுதலாம்.

இப்போது வேலை. கரும்பலகையில் மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறேன். "பெட்ரோல் விலை ஏறினால் காய்கறி விலையும் ஏறும்." "வெங்காய விலை அநியாயம்." "ஏற்றுமதியைத் தடுத்தால் உள்ளூரில் வெங்காய விலை குறையும், அதனால் தடுக்க வேண்டும்." மூன்றாவதை மட்டும் பாதியில் வெட்ட வேண்டியிருக்கும். எங்கே வெட்டுவது, வெட்டின இடத்தில் எந்த மதிப்பீடு ஒளிந்திருக்கிறது, அதை வெங்காய விவசாயி ஒத்துக்கொள்வாரா? பின் பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கலாம், கை தூக்குங்கள்.