அப்பாவுக்கு, பென்ஷனில் பிடித்த அந்த 2,505 ரூபாய் பற்றி

டொரான்டோ, 11 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பென்ஷன் சீட்டுகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மார்ச் சீட்டில் டி.டி.எஸ். 2,505 என்ற இடத்தைச் சிவப்புப் பேனாவால் சுழித்திருக்கிறீர்கள். ஏப்ரலில் அந்த இடம் காலியாக இருப்பதால், மறந்துவிட்டு அப்புறம் மொத்தமாகப் பிடித்துவிடுவார்களோ என்று கவலைப்படுகிறீர்கள். அப்படி எதுவும் இல்லை அப்பா.

டி.டி.எஸ். என்பது வங்கி எடுத்துக்கொள்ளும் கட்டணம் இல்லை. உங்கள் வருமான வரிதான். ரயில்வேயில் இருந்தபோது சம்பளத்தில் பிடித்தார்களே, அதேதான். பென்ஷனையும் சட்டம் சம்பளமாகவே பார்க்கிறது. ஆண்டு முழுக்க எவ்வளவு வரி வரும் என்று வங்கி முன்கூட்டியே கணக்குப் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாகப் பிடித்து, உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டிவிடுகிறது.

கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். மார்ச்சோடு முடிந்த ஆண்டில் உங்கள் பென்ஷன் 8,64,000. நிலையான கழிவு 75,000 போக 7,89,000. புதிய வரி முறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. மீதி 89,000-க்கு 10 சதவீதம், 8,900. இந்த 28,900-க்கு மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 30,056. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், உங்கள் 2,505 வந்துவிடும்.

ஏப்ரலில் ஏன் பிடிக்கவில்லை? இந்த ஆண்டு பட்ஜெட்டில், புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி முழுவதும் தள்ளுபடி. பென்ஷன்காரர்களுக்கு அந்த 75,000 கழிவும் உண்டு. அதனால் உங்கள் பென்ஷனுக்கு இந்த ஆண்டு வரியே இல்லை. முழுப் பணமும் உங்களுடையது, தைரியமாகச் செலவு செய்யுங்கள். அம்மாவின் கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. ஜூன் நடுவில் வங்கி படிவம் 16 தரும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பிடித்த பணம் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் 26AS-இல் நான் பார்த்துவிடுகிறேன். ரிட்டர்ன் ஜூலை 31-க்குள் போட வேண்டும். எஃப்.டி. வட்டியையும் அதில் காட்ட வேண்டும், அந்தச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். வரி இல்லாத ஆண்டிலும் ரிட்டர்ன் போடத்தான் வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

யாராவது போன் செய்து, டி.டி.எஸ். திரும்பத் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்றால் உடனே வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் இரவு 7 மணிக்குக் கூப்பிடுகிறேன். மார்ச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே இன்னொரு தடவை கணக்குப் போடலாம்.

உங்கள் மகள்,
மீனா