மீசை

பெண் பார்க்கக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான். செந்தில் மீசையின் இடது ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்தான். வலது பக்கம் பெரிதாகத் தெரிந்தது. அதையும் வெட்டினான். இப்போது இடது. சரி, இன்னும் கொஞ்சம் என்று போய், கடைசியில் மீசையே இல்லை.

"என்னடா இது! போட்டோவுல முறுக்கு மீசையோடதானே அனுப்பினோம்?" அக்கா தலையில் கைவைத்தாள்.

"மொழுமொழுன்னு நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா திருநீறு பூசிவிட்டாள். அம்மாக்கள் அப்படித்தான். அயர்ன் பண்ணிய நீலச் சட்டை மட்டும் சொன்னபடி கேட்டது.

பெண் வீட்டில் கேசரி, பஜ்ஜி. காபித் தட்டோடு வந்தவள், மீசை வைத்திருந்த அத்தானிடம் முதலில் நீட்டினாள்.

அத்தான் பதறினார். "மாப்பிள்ளை அவர்தாம்மா!"

"போட்டோவுல மீசை இருந்துச்சே?"

"வளர்ந்துடும்ங்க" என்றான் செந்தில்.