துணியைத் தொட்டுப் பார்க்கத் தெரியாத சேல்ஸ்மேன்

அப்பா,

ஆன்லைன் தளத்தில் நாம் விற்கும் சேலைகளைப் பற்றி நேற்று போனில் நீங்கள் கேட்டபோது நான் அலுவலகத்தில் இருந்தேன், அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அவசரமான விஷயம். 8,000 ரூபாய் கட்டினால் நம் சேலையை முதல் பக்கத்தில் நிரந்தரமாக நிறுத்திவிடுகிறேன் என்று கூப்பிட்டானே, அவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அப்படி நிரந்தரமான இடமே அங்கே கிடையாது. மறுபடி கூப்பிட்டு ஓடிபி ஏதாவது கேட்டால் பேசாமல் போனை வைத்துவிடுங்கள்.

சரி, "நம்ம மெரூன் சுங்குடி ஏன் எட்டாவது பக்கத்தில் கிடக்கிறது?" என்று கேட்டீர்கள். இதை விளக்க உங்கள் பழைய வேலையையே எடுத்துக்கொள்கிறேன். விளக்குத்தூண் பக்கம் 31 வருஷம் கவுண்டரில் நின்றவர் நீங்கள். ஒரு அம்மா வந்து உட்கார்ந்து "சுங்குடி காட்டுங்க" என்றால் அலமாரியில் இருக்கிற 400 சேலையையுமா விரிப்பீர்கள்? ஆளைப் பார்த்து, அவர் கட்டியிருக்கும் சேலையைப் பார்த்து, நாலு எடுத்துப் போடுவீர்கள். போன வாரம் வேகமாகப் போன ரகம் அதில் ஒன்று கட்டாயம் இருக்கும். வாங்கிப்போனவர்கள் சாயம் போகிறது என்று திரும்பக் கொண்டுவந்த ரகம் அடித்தட்டிலேயே கிடக்கும்.

தேடல் பெட்டியில் ஒருவர் எழுதியதும் அங்கே நடப்பதும் இதுதான். எந்த நாலை முதலில் விரிப்பது என்று ஒரு இயந்திரம் கணக்குப் போடுகிறது. ஆனால் அந்த சேல்ஸ்மேனுக்குத் துணியைத் தொட்டுப் பார்க்கத் தெரியாது. முடிச்சுக் கட்டிச் சாயம் போட்டதா, வெறும் பிரிண்டா என்று நீங்கள் விரலால் தடவிச் சொல்வது அதற்கு வராது. நாம் எழுதிவைப்பது, ஜனங்கள் பார்ப்பது, வாங்குவது, திருப்பி அனுப்புவது, இவைதான் அதற்குத் தெரியும். "அவன் சேலை கண்றாவியாக இருக்கிறது, அது மேலே இருக்கிறதே" என்று கோபப்பட்டீர்கள். வருத்தம் நியாயம்தான். ஆனால் கண்றாவி என்பது அதன் கண்ணில் படவே இல்லை.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. கேட்ட ரகத்தைக் குடோனிலிருந்து எடுத்துவருவது முதல் கட்டம். எடுத்துவந்ததை எந்த வரிசையில் விரிப்பது என்பது அடுத்தது. நம் சேலை பல சமயம் குடோனைவிட்டே வெளியே வரவில்லை. காரணம், நீங்கள் வைத்த தலைப்பு:

```
New Arrival Beautiful Traditional Ladies Saree SG-14
```

இதில் சுங்குடி எங்கே, மதுரை எங்கே, காட்டன் எங்கே? SG-14 என்பது நம் நோட்டுப் புத்தகத்தின் கணக்கு. உலகத்தில் ஒருவரும் அதை எழுதித் தேடப்போவதில்லை. ‘அழகிய’ என்றும் யாரும் தேடமாட்டார்கள். வாங்க வருகிறவர் வாயில் என்ன வார்த்தை வருமோ அதுதான் தலைப்பில் இருக்க வேண்டும். நான் இப்படி மாற்றலாம் என்று நினைக்கிறேன்:

```
Madurai Sungudi Pure Cotton Saree, Maroon, Hand Tie-Dye, Without Blouse
```

ஒருவர் Sungudi என்று எழுதுவார், இன்னொருவர் Chungudi என்பார், வேறொருவர் Sungadi. எல்லாவற்றையும் தலைப்பில் திணித்தால் படிக்கச் சகிக்காது. வாங்குபவர் கண்ணில் படாத ‘தேடல் சொற்கள்’ கட்டம் ஒன்று விற்பனையாளர் பக்கத்தில் இருக்கிறது. மற்ற எழுத்துக்கூட்டல்களை அதில் போட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். துணி வகை என்ற கட்டத்தில் நீங்கள் ‘Others’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வாங்குபவர்கள் பக்கத்தில் இருக்கும் சல்லடையில் ‘Cotton’ என்பதைத் தட்டினால் அந்தக் கணமே நம் சேலை மறைந்துவிடுகிறது. காட்டன் சேலை தேடி வந்தவர் கண்ணுக்கு நம் அசல் காட்டன் தெரிவதில்லை! நிறம், நீளம், பிளவுஸ் உண்டா இல்லையா, எல்லாக் கட்டமும் இப்படித்தான். சலிப்பாக இருந்தாலும் ஒன்றுவிடாமல் நிரப்ப வேண்டும். நம் 38 சேலைக்கும் ஒரு மதியம் போதும்.

அடுத்தது விரிக்கிற வரிசை. இதற்கான முழுக் கணக்கை எந்தத் தளமும் வெளியே சொல்லாது, அடிக்கடி மாற்றவும் செய்யும். ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருட்களை எந்த முக்கிய அம்சங்களை வைத்து வரிசைப்படுத்துகிறோம், அவற்றில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சந்தைத் தளங்கள் எளிய மொழியில் சொல்ல வேண்டும். எளிய மொழி என்று அவர்கள் நினைப்பது வேறு, அது இருக்கட்டும். பொதுவாகப் பார்த்தால் விஷயம் இதுதான்: நூறு பேர் கண்ணில் பட்டால் எத்தனை பேர் தொட்டுத் திறக்கிறார்கள், திறந்தவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள், வாங்கியவர்களில் எத்தனை பேர் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார்கள். விலை, நட்சத்திரம், எத்தனை நாளில் வீட்டுக்கு வரும் என்பதெல்லாம் இதோடு சேரும்.

திறக்கவைப்பது முதல் படம்தான். நம் மெரூன் படம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது, போனில் காப்பிப்பொடி நிறமாகத் தெரிகிறது. மெரூன் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். காப்பிப்பொடி நிறம் என்று நினைத்து வாங்கியவரோ பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார். வந்த ஐந்து ரிட்டர்னில் மூன்றுக்கு ‘நிறம் வேறு’ என்றுதான் காரணம் போட்டிருக்கிறது. நீங்கள் "ஜனங்களுக்கு வேறு வேலையில்லை" என்றீர்கள். அந்த மூன்று பேர் மேல் தப்பு இல்லை அப்பா.

சரக்கு தீர்ந்துபோவதும் பெரிய அடி. தீபாவளிக்கு முன்னால் பச்சை சுங்குடி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தீர்ந்ததும் மூன்று வாரம் ‘ஸ்டாக் இல்லை’ என்று கிடந்தது. இல்லாத சேலையைக் கடையில் யார் எடுத்து விரிப்பார்கள்? மறுபடி சரக்கு வந்தபோது, அதற்குள் விற்றுக்கொண்டிருந்த மற்றவர்கள் முன்னால் போயிருந்தார்கள். இனிமேல் ஐந்து சேலை மிச்சம் இருக்கும்போதே சாயக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆர்டர் வந்தபிறகு ‘இல்லை’ என்று நாமே ரத்து செய்வது இன்னும் மோசம், அது நம் விற்பனையாளர் கணக்கிலேயே கறையாக ஏறும்.

அப்புறம் அந்த டெலீட் விஷயம். நீல சேலைக்கு 23 பேர் விமர்சனம் எழுதியிருந்தார்கள். ‘புதுசாகப் போட்டால் மேலே வரும்’ என்று அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினீர்கள். பழைய விற்பனைக் கணக்கு, அந்த 23 பேர் சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் போச்சு. இயந்திரத்துக்கு அது நேற்று வந்த, முன்பின் தெரியாத சேலை. போனது போகட்டும். இனி தலைப்போ படமோ மாற்ற வேண்டுமானால் ‘Edit’ போட்டு மாற்றுங்கள், அழிக்காதீர்கள்.

சித்தப்பா பத்து சேலை தானே ஆர்டர் போட்டு, நல்லபடியாக எழுதிக்கொடுக்கிறேன் என்றாராம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இப்படிச் சொந்தக்காரர்களை வைத்து எழுதுவதைத் தளங்கள் தடைசெய்திருக்கின்றன. ஒரே வீட்டு விலாசம், ஒரே போன் என்று பார்த்துக் கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். சித்தப்பாவுக்குச் சேலை வேண்டுமானால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

காசு கொடுத்தால் மேலே வருமா என்று கேட்டீர்கள். வரும், ஆனால் அது தனி வழி. ‘Sponsored’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் சேலைகள் விளம்பரம். அந்த இடத்துக்கு ஏலம் நடக்கும். பெரும்பாலும் யாராவது தொட்டுத் திறந்தால்தான் காசு போகும், வாங்காமல் போனாலும் போனதுதான். ஒரு தொடுகைக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 பேர் திறந்து ஒருவர் வாங்கினால் ஒரு சேலைக்கு 100 ரூபாய் விளம்பரச் செலவு. கமிஷன், கூரியர் எல்லாம் போக நமக்கு நிற்பது 180. அதில் 100 போய்விட்டால் உங்கள் உழைப்புக்கு 80 ரூபாய். விளம்பரமே தப்பு என்று சொல்லவில்லை. படமும் தலைப்பும் சரியான பிறகு 10 பேர் திறந்தாலே ஒருவர் வாங்கினால், அதே சேலைக்கு 40 ரூபாய்தான் ஆகும். அப்போது ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம். இப்போது போட்டால் காப்பிப்பொடிப் படத்துக்குத்தான் காசு கட்டுவோம்.

கடைசியாக, காலையில் எழுந்ததும் உங்கள் போனில் நம் சேலையைத் தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். நீங்கள் பார்க்கும் வரிசையும் கோயம்புத்தூரில் அத்தை பார்க்கும் வரிசையும் ஒன்றாக இருக்காது. முன்பு எதையெல்லாம் பார்த்தோம், எந்தப் பின்கோடுக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பொறுத்து மாறும். தினமும் நீங்களே திறந்து பார்த்துவிட்டு வாங்காமல் போவதும் ஒரு கணக்காகப் பதிவாகலாம். அதற்குப் பதில் விற்பனையாளர் பக்கத்தில் வாரம் ஒருமுறை மூன்று எண்களை மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது. தேதி போட்டு எழுதுங்கள். தலைப்பை மாற்றியதும் எண் ஏறவில்லை என்றால் நான் சொன்னது தப்பு என்று பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மூன்று வாரமாவது பொறுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். மெரூன், பச்சை, நீலம் மூன்றையும் இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லுங்கள் அம்மாவிடம். சனிக்கிழமை காலை 8 மணிக்கு மொட்டைமாடியில், வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்துவிடலாம். முடிச்சு தெரிகிற மாதிரி முந்தானையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும், அதற்கு நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வத்தல் காயப்போட்டிருந்தால் அன்றைக்கு மட்டும் ஓரமாக நகர்த்தச் சொல்லுங்கள்.