2015 பொங்கல் போட்டோவ ட்ரோன் வியூவா மாத்தணும்

தம்பி, போட்டோ அனுப்பிருக்கேன், பட்டுக்கோட்டை பக்கம் எங்க வயல், 2015 பொங்கலப்ப எடுத்தது. இப்ப போயி ட்ரோன் விட்டா அந்த ஊரு கிடைக்காது, 2018 நவம்பர் கஜா புயல்ல தென்னை எல்லாம் போச்சு, அதனாலதான் இதையே மேலேர்ந்து பாக்குற மாதிரி வரைஞ்சு கேக்குறேன்.

உயரம் 90 மீட்டர் வச்சுக்க, அதுக்கு மேல போனா ஆளு புள்ளியாயிரும். நேரா கீழ பாக்காம கேமராவ ஒரு 35 டிகிரி சாய்ச்சு, தெக்கேர்ந்து வடக்க பாக்குற மாதிரி, போட்டோவும் வடக்க பாத்து எடுத்ததுதான். வானம் வேணாம், ஃப்ரேம் முழுக்க நிலம்தான்.

வயல சதுரம் சதுரமா செஸ் போர்டு மாதிரி போட்றாத ப்ளீஸ், நம்ம பக்கம் வரப்பு வாய்க்கால் போற போக்குல வளையும், ஒன்னு நீளமா ஒன்னு மூக்கு மாதிரி கூரா ஒன்னு ரொம்ப குட்டியா இருக்கும். போட்டோல வலது பக்கம் தெரியுற வாய்க்கால்தான் முதுகெலும்பு, அதுலேர்ந்துதான் எல்லா வயலும் பிரியுது. பாதி வயல்ல சம்பா பழுத்து மஞ்சளா நிக்கும், அங்கங்க சாஞ்சு சுழிச்சு கிடக்கும், மீதி அறுத்தாச்சு, அதுல மிஷின் பெல்ட் தடம் வளைஞ்சு வளைஞ்சு ஓடும், தாளுக்கு நடுவுல உளுந்து இப்பதான் பச்சையா எட்டிப் பாக்கும். வைக்கோல் போர் களத்துல ரெண்டு, அப்பறம் அய்யனார் கோயில், பக்கத்துல குளம்.

நெழல்தான் முக்கியம், இத ஒழுங்கா பண்ணலன்னா படம் சப்புன்னு மேப் மாதிரி ஆயிரும், ஏன்னா மேலேர்ந்து பாக்கும்போது எது உசரம் எது குட்டைன்னு அதுதான் சொல்லும். காலைல ஏழே கால், ஏழு இருபது மணி, சூரியன் பத்து டிகிரி உசரத்துல தென்கிழக்குல, அப்ப நெழல் பொருளோட உசரத்துக்கு கிட்டத்தட்ட அஞ்சரை மடங்கு. படத்துல எல்லாமே இடது பக்கம், லேசா மேல சாஞ்சு போகணும். 15 மீட்டர் தென்னைக்கு 80 மீட்டருக்கு மேல வரும், மரம் மேலேர்ந்து வெறும் ஓலை நட்சத்திரம்தான், தண்டு குட்டையா தெரியும், ஆனா நெழல் மூணு நாலு வயல தாண்டி வரப்புல ஏறி இறங்கி போகும். வரப்பே ஒரு அடி உசரம்தான், அதுக்கும் மேற்கால ஒரு கறுப்புக் கோடு விழும். நிக்குற பயிருக்கு பக்கத்துல அறுத்த வயல் மேற்க இருந்தா, ஓரத்துல ரெண்டு மூணு வண்டி அகலத்துக்கு நெழல் வரும், அத விட்றாத.

வரப்புல நிக்குறது எங்கப்பா. அவர மொகம் தெரியுற மாதிரி பெருசு பண்ணாத, வெள்ளத் துண்டு மட்டும் போதும், அவர் நெழல் ஒரு 30 அடி வரட்டும்.

ப்ரிண்ட் நாலுக்கு மூணு அடி, மாமா வீட்டு ஹாலுக்கு. கலர் போடுறதுக்கு முன்னாடி வரப்பு லைன மட்டும் போட்டு அனுப்பு, அம்மாகிட்ட காட்டி எது யார் வயல்னு சரி பாத்துட்டு சொல்றேன்.