பொருள்: இறுதி அறிவிப்பு – நிலுவைத் தொகை ₹3,98,330 – 17-03-2026 மாலை 5 மணிக்குள் செலுத்தக் கோருதல்

தேதி: 02-03-2026

பெறுநர்: நிர்வாகப் பங்குதாரர்
நகல்: கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கொள்முதல் ஆணைகளின்படி நாங்கள் செய்து அனுப்பிய 7 பிளை ஏற்றுமதி அட்டைப்பெட்டிகளுக்கான தொகை இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை. 24-11-2025, 08-01-2026, 10-02-2026 ஆகிய நாட்களில் மின்னஞ்சலில் நினைவூட்டியிருந்தோம். சட்ட நடவடிக்கைக்கு முன் நாங்கள் அனுப்பும் கடைசிக் கடிதம் இது.

ஜிஎஸ்டி உட்பட நிலுவை விவரம்:

பில் எண் 214, 18-09-2025: ₹1,86,480. கெடு நாள் 18-10-2025.
பில் எண் 231, 06-10-2025: ₹2,14,200. கெடு நாள் 05-11-2025.
பில் எண் 247, 27-10-2025: ₹97,650. கெடு நாள் 26-11-2025.
மொத்தம் ₹4,98,330. 12-12-2025 அன்று என்இஎஃப்டி மூலம் தாங்கள் அனுப்பிய ₹1,00,000 பில் எண் 214-இல் வரவு வைக்கப்பட்டுள்ளது. மீதி அசல் ₹3,98,330.

மூன்று லோடும் பில் தேதியன்றே தங்கள் ஸ்டோரில் இறக்கப்பட்டன. கெடு நாட்கள் கொள்முதல் ஆணையில் உள்ள 30 நாள் கணக்குப்படி போடப்பட்டவை.

பில் எண் 247-இல் வந்த 1,500 பெட்டிகளில் சில ஈரம் பட்டிருந்ததாக ஜனவரியில் தொலைபேசியில் சொல்லப்பட்டது. அந்த லோடின் டெலிவரி சலானில் தங்கள் ஸ்டோர் சீலுக்குக் கீழே "எண்ணிக்கை சரி, நல்ல நிலை" என்று கையால் எழுதிக் கையொப்பமிடப்பட்டுள்ளது. சரக்கு இறங்கிய 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளிலேயே சரக்கு ஏற்கப்பட்டதாகக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 கொள்கிறது. 11-11-2025 வரை அப்படி எந்தக் கடிதமும் எங்களுக்கு வரவில்லை. எனவே அந்தக் காரணத்துக்காகத் தொகையைப் பிடித்தம் செய்ய நாங்கள் இசையவில்லை.

மீதி அசல் ₹3,98,330 முழுவதும் 17-03-2026, செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குள் எங்கள் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். காசோலை தருவதானால் அதற்குள் பணமாகும்படி முன்கூட்டியே தரவும். கெடு நாளன்று கையில் தரும் காசோலை செலுத்தியதாகக் கொள்ளப்படாது. பில்லில் அச்சிட்டுள்ள வங்கிக் கணக்கு எண்ணே இப்போதும் செல்லும். கணக்கு மாறிவிட்டதாக யார் மின்னஞ்சல் அனுப்பினாலும் எங்களை அழைத்து உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம். செலுத்தியதும் இதே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதி யுடிஆர் எண்ணைத் தெரிவிக்கவும்.

தொகையில் வேறுபாடு இருந்தால், டெபிட் நோட்டு அல்லது டிடிஎஸ் விவரத்துடன் தங்கள் லெட்ஜர் நகலை 09-03-2026-க்குள் அனுப்புங்கள்; இரண்டு வேலை நாட்களில் சரிபார்த்துப் பதில் தருகிறோம். வேறுபாடு இல்லாத தொகையை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம். தொலைபேசியில் தரும் வாக்குறுதியால் இந்தக் கெடு நீளாது.

17-ஆம் தேதிக்குள் அசல் முழுவதும் வந்துவிட்டால் தாமத வட்டியைக் கோர மாட்டோம். தவறினால் இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு பில்லின் கெடு நாளுக்கு மறுநாளிலிருந்து, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டியாக, மேற்படி சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி கோருவோம். உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தி நிறுவனம் என்ற முறையில், மறுநாள் 18-03-2026 அன்றே 18-ஆம் பிரிவின் கீழ் கோவை மண்டல வசதி மன்றத்தில் மனு தாக்கல் செய்வோம். அங்கே முதலில் சமரசம். அது பலிக்காவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

தங்கள் கணக்காளரின் கவனத்துக்கும் இரண்டு செய்திகள். பில் எண் 214-க்கு 17-03-2026 அன்று 180 நாட்கள் நிறைகின்றன. அதன் பிறகும் செலுத்தப்படாத பகுதிக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியுடன் திருப்ப வேண்டிவரும். மேலும், மார்ச் 31-ஐத் தாண்டினால் வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவின்படி இந்தச் செலவை 2025-26 கணக்கில் கழிக்க முடியாது; பணம் செலுத்தும் ஆண்டில்தான் கழிக்கலாம்.

நிலுவை தீரும் வரை புதிய ஆணைகளுக்கு உற்பத்தி தொடங்க மாட்டோம். ஆறு ஆண்டுகளாகத் தங்களுடன் வியாபாரம் செய்கிறோம்; மன்றம் வரை போகாமல் இது முடிய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இருப்பினும் காகித ஆலைக்கு நாங்கள் உரிய நாளில் பணம் கட்டியாக வேண்டும்; இனியும் காத்திருக்க எங்களால் இயலாது.

மூன்று பில்கள், சீலிட்ட டெலிவரி சலான்கள், கொள்முதல் ஆணைகள், எங்கள் லெட்ஜர், உத்யம் சான்றிதழ் ஆகியவை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இதன் அச்சுப் பிரதி விரைவுத் தபாலிலும் இன்று அனுப்பப்படுகிறது. இந்தக் கடிதத்தில் குறிப்பிடாத சட்ட உரிமைகள் எதையும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
க. முருகேசன்
நிர்வாகப் பங்குதாரர்
அட்டைப்பெட்டி உற்பத்திப் பிரிவு, திருப்பூர்