வீட்டைக் காலி செய்து தரும்படி கேட்டு எழுதும் கடிதம்

தேதி: 02.02.2026

பெறுநர்
திரு. கார்த்திகேயன் அவர்கள்,
கீழ்த்தள வீடு, கதவு எண் 14

பொருள்: வீடு விற்கப்படுவதால் 31.05.2026-க்குள் காலி செய்து தரும்படி கேட்டல்

அன்புள்ள கார்த்திகேயன் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் போனில் சொன்ன விஷயத்தைத்தான் இப்போது எழுத்தில் தருகிறேன். இப்படிப்பட்டவை வாய்ப்பேச்சோடு நிற்பது உங்களுக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல.

நீங்கள் குடியிருக்கும் வீடு எனக்கும் என் இரண்டு தங்கைகளுக்கும் பொதுவானது என்பது உங்களுக்குத் தெரியும். பாகம் பிரிப்பதற்கு விற்பதைத் தவிர வேறு வழி அமையவில்லை. வெளியில் சொல்வதற்கு முன்பு உங்களிடம்தான் கேட்டேன். இப்போதைக்குத் தோதுப்படாது என்றீர்கள். அதன் பிறகே வேறொருவரிடம் பேசி, விற்பனை ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். குடியிருப்பவர்கள் அப்படியே தொடரலாமா என்று அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் மகன் குடும்பத்தோடு வந்து இருக்கப் போவதால், காலி வீடாகத்தான் வேண்டும் என்கிறார். பத்திரப்பதிவு ஜூன் மாதத்தில்.

ஆகவே 2026 மே 31, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் வாடகை ஒப்பந்தப்படி இரண்டு மாத அவகாசம் கொடுத்தால் போதும். ஆனால் உங்கள் பையன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். பரீட்சை நேரத்தில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு அலைய வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ஏறக்குறைய நான்கு மாதம். வாங்குபவரிடமும் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். மே 31-ஐத் தாண்டி நீட்டிப்பது மட்டும் என் கையில் இல்லை.

அதற்கு முன்பே நல்ல வீடு அமைந்தால் தாராளமாகப் போகலாம். பதினைந்து நாள் முன்னதாகச் சொன்னால் போதும். இருந்த நாள் வரைக்கும் கணக்குப் போட்டு வாடகை தந்தால் சரி. மே மாத இறுதி வரை இருந்தால், அந்தக் கடைசி மாத வாடகை வேண்டாம். வீடு மாற்றும் செலவு எங்களால் வருவது, அதில் ஒரு பங்காக அது இருக்கட்டும்.

அட்வான்ஸ் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். புது வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார், பழைய வீட்டுப் பணமோ சாவி கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். எல்லோரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். எனவே நீங்கள் வீடு பேசி முடித்ததும் சொல்லுங்கள், அட்வான்ஸில் பாதியை அன்றைக்கே உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். மீதியைச் சாவி வாங்கும் அன்று, மின்கட்டணப் பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, உங்கள் கண்முன்னே செலுத்திவிடுவேன். பெயின்ட் அடிக்க என்று ஒரு பைசா பிடிக்க மாட்டேன். சுவரில் ஆணி அடித்த ஓட்டை, சமையலறைச் சுவரில் புகை படிந்த கறை இதெல்லாம் மனிதர்கள் வாழ்ந்த வீட்டில் இருப்பதுதான்.

நீங்கள் வாங்கி மாட்டிய வாட்டர் ஹீட்டர், கொசுவலைக் கதவு, பால்கனியில் போட்ட துணிக்கொடி எல்லாம் உங்களுடையவை, கழற்றி எடுத்துக்கொள்ளலாம். மின்விசிறிகளும் படுக்கையறை அலமாரியும் வீட்டோடு சேர்ந்தவை. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வாங்குபவர் தரப்பில் இன்ஜினீயர் ஒருவர் வந்து அளவெடுக்க வேண்டும், ஒன்றிரண்டு முறை அவர் குடும்பத்தாரும் பார்க்க வரலாம். ஞாயிறு காலை மட்டும், முந்தின நாளே உங்களைக் கேட்டுவிட்டு, நானும் கூட வருவேன். நான் இல்லாமல் யாராவது வந்து கதவைத் தட்டினால் திறக்க வேண்டியதில்லை, புரோக்கராக இருந்தாலும் சரி.

காலி செய்யும் வரை இப்போது இருப்பது போலவே இருங்கள். தண்ணீர் மோட்டார் ரிப்பேர், குழாய் ஒழுகல் என்று எது வந்தாலும் வழக்கம்போல என்னைக் கூப்பிடுங்கள். விற்கப்போகிற வீடுதானே என்று விட்டுவிட மாட்டேன். புது வீட்டுக்காரர் உங்களைப் பற்றி விசாரித்தால் என் நம்பரைக் கொடுங்கள். மாதம் தவறாமல் வாடகை தந்தவர், வீட்டைத் தன் வீடாக வைத்திருந்தவர் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஏப்ரல் கடைசி வரையும் வீடு அமையாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்த இடங்களில் நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து. இதில் ஏதாவது சரிப்படவில்லை என்றால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுந்தரம்
(வீட்டு உரிமையாளர்கள் மூவர் சார்பாக)

கடிதம் பெற்றுக்கொண்டேன்:
கார்த்திகேயன், 02.02.2026