நெடும்பயணத்துக்கு முன்: பேட்டரி, சார்ஜர், போன் – நம் வீட்டுப் பட்டியல்

புறப்பாடு சனிக்கிழமை விடியற்காலை 5 மணி. ஐந்து நாள், போக வர 1,400 கிலோமீட்டர். வண்டியில் அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, நான். ஓட்டுவது நானும் தம்பியும் மாறி மாறி.

நாலு வருடத்துக்கு முந்தைய பயணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இருட்டிய பிறகு ரோட்டோரம் நிறுத்தி, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சாப்பிட்டோம். கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. எல்லோருடைய போனும் அணைந்து என் போனில் மட்டும் 6 சதவீதம் இருந்தது. ஒரு மணி நேர விளக்கு நல்ல பேட்டரியை ஒன்றும் செய்யாது. அது ஐந்து வயது தாண்டிய பேட்டரி. அன்று வண்டி நின்றதைவிட, உதவிக்குக் கூப்பிட வழியில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய பயம். வண்டியும் போனும் ஒரே நேரத்தில் சாகக் கூடாது என்றுதான் இந்தப் பட்டியலை எழுதுகிறேன்.

பத்து நாள் முன்பு: பேட்டரியின் வயது (நானும் அப்பாவும்)

☐ அப்பா, பழைய பில்லை எடுத்து வையுங்கள். அந்தப் பயணம் முடிந்து மாற்றிய பேட்டரிதான் இப்போதும் ஓடுகிறது. அதற்கும் 3 வருடம் 10 மாதம் ஆகிவிட்டது. கார் பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 வருடம் உழைக்கும். வெயில் அதிகம் பட்ட வண்டியில் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

☐ ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதிதான். வண்டி ஓடி நின்ற உடனே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

☐ அப்புறம் தம்பி செல்ஃப் அடிக்க, நான் மீட்டரைப் பார்ப்பேன். அந்த நொடியில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

☐ இன்ஜின் ஓடும்போது 13.7-லிருந்து 14.7-க்குள் காட்ட வேண்டும். 13-க்கும் கீழே நின்றால் ஆல்டர்நேட்டரையோ பெல்ட்டையோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டாலும் வழியில் படுத்துவிடும்.

☐ பேட்டரியின் தலையில் உள்ள சின்னக் கண் பச்சையாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஆறு செல்லில் ஒன்றின் நிலையை மட்டும்தான் அது சொல்லும். மெக்கானிக்கிடம் லோடு டெஸ்ட் பண்ணச் சொல்ல வேண்டும்.

டெஸ்டில் இழுபறியாக வந்தால் மாற்றிவிடுவோம். “இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்று யாராவது சொல்லலாம். உள்ளூரில் சுற்றுவதற்கு அது சரி, பாட்டியை வைத்துக்கொண்டு 1,400 கிலோமீட்டர் போவதற்குச் சரியில்லை. மாற்றுவதாக இருந்தால் இந்த வாரமே. ஒரு வாரம் உள்ளூரில் ஓடினால் ஏதாவது குறை இருந்தாலும் தெரிந்துவிடும்.

ஒரு வாரம் முன்பு: டெர்மினல் (நான்)

☐ பானட்டைத் திறந்து இரண்டு டெர்மினலையும் பார். போன வாரம் பார்த்தபோது பிளஸ் பக்கம் பச்சையும் நீலமுமாகப் பூத்து, கிளாம்பின் விளிம்பில் உப்புப் பொரிந்த மாதிரி இருந்தது. பேட்டரி நன்றாகவே இருந்தாலும் இந்தப் பூப்பு நடுவில் நின்று கரண்டைத் தடுத்துவிடும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றப் போகிறவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் கோளாறு.

☐ கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டதுமே தீப்பொறி பறக்கும். மோதிரம், வளையலைக் கழற்றி வைக்க வேண்டும். கண்ணாடி, கையுறை கட்டாயம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் பக்கத்தில் நெருப்பே கூடாது.

☐ ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து பழைய டூத்பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். செல் மூடிக்குள் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, கிளாம்பை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின்.

☐ கையால் திருகினால் கிளாம்பு அசையக் கூடாது. பேட்டரியைப் பிடித்து வைக்கும் பட்டையும் அப்படித்தான். மேடு பள்ளத்தில் ஆடும் பேட்டரி சீக்கிரம் கெடும்.

டிக்கியில், கைக்கு எட்டுகிற இடத்தில் (தம்பி)

பைகளுக்கு அடியில் புதைக்காதே, கடைசியாக வை.

☐ ஜம்பர் கேபிள். கனமான கம்பி உள்ளது. மெல்லியது சூடாகும், வேலை செய்யாது. மாட்டும் வரிசையை ஒரு அட்டையில் எழுதி அதோடு கட்டிவிடு: சிவப்பு, நம் பிளஸ். சிவப்பின் மறுமுனை, அவர்கள் பிளஸ். கறுப்பு, அவர்கள் மைனஸ். கறுப்பின் மறுமுனை, நம் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியைவிட்டுத் தள்ளி. கழற்றுவது இதற்கு நேர் எதிராக.

☐ லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர். வெள்ளி ராத்திரி முழு சார்ஜ். பக்கத்தில் வேறு வண்டியே வராத ரோட்டில் இதுதான் துணை. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு உடனே நிறுத்தாமல் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

☐ டார்ச், 10 எம்எம் ஸ்பேனர், 12 வோல்ட் சாக்கெட்டுக்கு அதே ஆம்பியரில் ஒரு மாற்று ஃபியூஸ், ரிமோட் சாவிக்கு CR2032 செல் இரண்டு.

போன்கள் (அம்மா பொறுப்பு)

☐ கார் சார்ஜர் இரண்டு. ஒன்று மாட்டியபடி இருக்கட்டும், மற்றொன்று டேஷ்போர்டு பெட்டியில். கேபிள் நாலு, ஒவ்வொன்றையும் மாட்டி சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே பையில் போட வேண்டும். போன முறை கொண்டுபோன மூன்றில் இரண்டு உள்ளே அறுந்தது.

☐ 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, 10,000 ஒன்று. பெரியது 5,000 எம்ஏஎச் போனை நாலு தடவை ஏற்றும் என்று கணக்குப் போடாதீர்கள்; மாற்றத்தில் வீணாவது போக இரண்டரை தடவைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சின்னது அவசரத்துக்கு மட்டும். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் அதைத் தொடக் கூடாது, தம்பி உனக்கும் சேர்த்துத்தான்.

☐ வழி பார்க்க ஒரு போன் போதும். வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைக்கிறேன். அம்மாவின் போன் அணைத்து பையில், 100 சதவீதத்தில். சிக்னல் இல்லாத இடத்தில் தேடித் தேடியே சார்ஜ் தீரும். அங்கே மற்றவர்கள் ஏரோப்ளேன் மோடு.

☐ வெயிலில் நிறுத்தினால் போன், பவர் பேங்க், ஜம்ப் ஸ்டார்ட்டர் மூன்றையும் கையோடு எடுத்து வர வேண்டும். மூடிய வண்டியின் சூடு லித்தியத்துக்கு ஆகவே ஆகாது.

☐ பாட்டியின் காது மெஷினுக்கு ஒரு அட்டை பட்டன் செல். முக்கியமான நம்பர்கள் தாளில் எழுதி பாட்டி பர்ஸிலும் ஒன்று.

ஒவ்வொரு நிறுத்தத்திலும்

☐ இன்ஜின் அணைத்த பிறகு ஏசி காற்று, பாட்டு, சார்ஜர் வேண்டாம். இறங்கும் கடைசி ஆள் உள்விளக்கு, டிக்கி விளக்கு இரண்டையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். ராத்திரி தங்கும் இடத்தில் டேஷ்கேமின் வயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

சனி 4:40

☐ முதல் செல்ஃபிலேயே எடுத்ததா? இழுத்து இழுத்து எடுத்தால் கிளம்பாமல் என்னை எழுப்பு, தம்பி. தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.